சென்னம்மாள் காட்டுக்கு இரண்டு அளவு

நெல்லிவளவில் கலைச்செல்வியிடம் ஒரு சேதியைச் சொல்லிவிட்டு லேசில் தப்பிக்க முடியாது. "அரூர் பஸ் இன்னிக்கு வராதாம்" என்றால்கூட, "யாரு சொன்னது?" என்று கேட்பாள். "மாதேஷ் சொன்னான்" என்றால், "அவனுக்கு யாரு சொன்னது?" என்பாள். போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. புருஷன் முருகேஷ் இதற்காகவே அவளுக்குப் 'போலீசு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தான். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவள் கண்டுகொள்ளவில்லை. பட்டப்பெயருக்கெல்லாம் அழுதுகொண்டிருந்தால் சித்தேரி மலையில் குடித்தனம் செய்ய முடியுமா?

அவள் பிறக்கும்போதே அப்படி இல்லை. அரூரில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவள் என்பதால், ஊரில் எந்தக் கூட்டம் போட்டாலும் நோட்டை அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். கையெழுத்து அழகாக இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் சோலார் விளக்கு கொடுக்க ஒரு கூட்டம் நடந்தது. மொத்தம் எத்தனை வீடு என்று கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து "நாப்பத்தி மூணு" என்றார். ரேஷன் கார்டு கணக்கு அது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அது தப்பு, அறுபதுக்கு மேல் இருக்கும் என்று முனகினார்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த பிள்ளைகளுக்கெல்லாம் கார்டு ஏது? கலைச்செல்வி காதில் விழுந்தது. ஆனாலும் சத்தமாகச் சொன்னதை எழுதினாள். நாற்பத்து மூன்று விளக்குதான் வந்தது. பதினெட்டு அடுப்புக்கு இல்லை. ஒரு வருஷம் பூராவும் அந்தப் பதினெட்டு வீட்டு வாசலைத் தாண்டும்போது அவள் தலை நிமிர்ந்ததே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

அதற்குப் பிறகு நோட்டில் ஓர் எண் எழுதினால் பக்கத்திலேயே யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது என்று எழுதுவாள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுவாள். சரிபார்க்கவில்லை என்றால் சரிபார்க்கவில்லை என்று எழுதுவாள். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும்போது பேனாவை நிறுத்துவது சாமானியப்பட்ட காரியம் இல்லை.

வன உரிமைக் குழு அமைத்தபோது அவளையே செயலாளர் ஆக்கினார்கள். தலைவர் குள்ளன், அவளுக்குத் தாய்மாமன் முறை. காட்டில் காலங்காலமாகச் சாமையும் ராகியும் விதைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமைச் சான்று கொடுக்கிற சட்டம் அது. முதலில் குழு ஒவ்வொரு நிலமாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். பிறகு கிராம சபை கூடி ஒப்புக்கொண்டு தீர்மானம் போட வேண்டும். அது அரூரில் இருக்கிற கோட்ட அளவிலான குழுவுக்குப் போகும், அங்கிருந்து தர்மபுரிக்கு. நெல்லிவளவில் முப்பத்தெட்டு பேர் மனு கொடுத்திருந்தார்கள். ஏழாவது மனு முருகேஷுடையது. இருபத்திரண்டாவது சென்னம்மாளுடையது.

சென்னம்மாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. புருஷன் போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. சாமை விதைக்கிற அந்தக் காடு ஒன்றுதான் அவளுக்கு. விதைப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களில் மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி பறிக்கப் போய்விட்டு வருவாள். கலைச்செல்விக்குப் பிரசவம் ஆனபோது பதினைந்து நாள் கூடவே இருந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். கலைச்செல்வி "அக்கா" என்று கூப்பிட்டாலும் மனசில் அதற்கும் மேலே ஓர் இடம் வைத்திருந்தாள்.

கிராம சபை பள்ளிக்கூட வராந்தாவில் காலை பதினொரு மணிக்குக் கூடியது. பாதிப்பேருக்கு மேல் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால் குள்ளன் முதல் நாளே வீடு வீடாகப் போய் மிரட்டாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வனத்துறை சார்பில் வனவர் சந்திரமோகன் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். மலை ஏறி வந்த களைப்பில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, தன் பட்டியலைப் பிரித்தார். குழுவின் அளவும் அவர் அளவும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஐந்து சென்ட், பத்து சென்ட் முன்னே பின்னே இருந்தால் பேசி முடித்தார்கள். ஏழாம் எண் வந்தபோது முருகேஷ் மீசையைத் தடவிக்கொண்டான்.

இருபத்திரண்டு வந்தது.

"சென்னம்மாள். தொண்ணூத்தி ரெண்டு சென்ட்" என்றார் சந்திரமோகன்.

கலைச்செல்வி தன் தாளைப் பார்த்தாள். அதில் இரண்டேகால் ஏக்கர் என்று இருந்தது.

சென்னம்மாள் எழுந்து நின்றாள். "என்னாங்க சார் சொல்றீங்க? தொண்ணூறு சென்டா? அது மேக்கால ஓரம் மட்டும்தான் வரும். மீதிக் காடு எங்க போச்சு?"

"ஏம்மா, ஜி.பி.எஸ். கருவி வெச்சு எடுத்தது. கருவி பொய் சொல்லுமா?"

வராந்தா முழுக்கச் சத்தம். குள்ளன் கையைக் காட்டி அடக்கினார். அவருக்குக் கவலை வேறு. நாளைக் கழித்து அரூரில் கோட்டக் குழு உட்காருகிறது. அதற்குள் தீர்மானம் போய்ச் சேர வேண்டும். விட்டால் அடுத்து எப்போது உட்காருவார்களோ, அவர்களுக்கே தெரியாது. அவர் கலைச்செல்வியிடம் குனிந்து, "ம்மா, ஏதாச்சும் ஒண்ணப் போட்டு முடி. ஒண்ணரைன்னு போடு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஆச்சு" என்றார்.

"ஒண்ணரைன்னு யாரு அளந்தாங்க மாமா?"

குள்ளன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கலைச்செல்வி எழுந்தாள். "சார், தொண்ணூத்தி ரெண்டுன்னு எழுதிக்கிறேங்க. எந்தத் தேதில எடுத்தது, யாரு எடுத்தாங்கன்னு சொன்னீங்கன்னா அதையும் பக்கத்துல போட்டுருவேன்."

சந்திரமோகன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற வனக்காவலர் மாதுவைப் பார்த்தார். மாது தொண்டையைச் செருமினான். போன மாதம் பதினாலாம் தேதி அவன்தான் கருவியோடு சுற்றி வந்தான். சென்னம்மாள் அன்றைக்கு மாரண்டஹள்ளியில் இருந்தாள், வீடு பூட்டியிருந்தது. பயிர் நிற்கிற இடத்தை மட்டும் சுற்றினான். அதற்கு அப்பால் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. அதை வனம் என்று நினைத்துத் திரும்பிவிட்டதாகச் சொன்னான்.

"அது பொதர் இல்லீங்க, நான் தரிசு போட்டது" என்றாள் சென்னம்மாள். "மூணு வருசம் வெதைச்சா மூணு வருசம் ஆறப் போடோணும். இந்த மலைல யாரு வூட்டுல ஒரே எடத்துல வருசா வருசம் வெதைக்கிறாங்க? இது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

வனவருக்குத் தெரியும். முகத்தில் தெரிந்தது. கூட்டத்தில் "அப்படிக் கேளு" என்று ஒரு குரல் வந்தது. ஊர் முழுக்க சென்னம்மாள் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த இடத்தில் கலைச்செல்வி இரண்டேகால் என்று எழுதிக் கோடு போட்டு முடித்திருந்தால் கைதட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் அவளுக்கு அந்தப் பாழாய்ப்போன வழக்கம் இருக்கிறதே. ஒரு பக்கத்திடம் கேட்டுவிட்டு இன்னொரு பக்கத்தை விட மனசு வரவில்லை. குள்ளனிடம் திரும்பினாள்.

"மாமா, ரெண்டேகாலு நம்ம அளவு. அது எப்படி எடுத்தோம்?"

குள்ளன் அவளை முறைத்தார். "குழுதானே எடுத்துச்சு. எழுது."

"நான் அன்னிக்கு வரலைங்களே. பாப்பாவுக்குக் காய்ச்சல். நீங்க போனீங்க. கயிறு போட்டு நடந்தீங்களா?"

குள்ளன் துண்டை உதறித் தோளில் போட்டார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அதனால்தான் தலைவராக வைத்திருந்தார்கள்.

"அன்னிக்கு மழை பிடிச்சிருச்சு. நடக்கல. ரெண்டேகால் வள்ளம் சாமை வெதைக்கிற காடுன்னு சென்னம்மா சொல்லுச்சு. வள்ளத்துக்கு ஒரு ஏக்கரான்னு போட்டோம். எங்க காலத்துல அப்படித்தான் கணக்கு."

மலையில் விதையைக் கொண்டு நிலத்தைச் சொல்வதுதான் வழக்கம். வள்ளம் என்பது தானியம் அளக்கிற படி. இத்தனை வள்ளம் விதைக்கிற காடு என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் சரிவில் மழை அடித்துக்கொண்டு போகும் என்று கை நிறைய அள்ளித்தான் வீசுவார்கள். சமதரையில் ஒரு ஏக்கருக்குப் போதுகிற வள்ளம் சரிவில் முக்கால் ஏக்கருக்கே தீர்ந்துபோகும். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. இப்போது நோட்டுக்கு வரப்போகிறது.

கலைச்செல்வி எழுத ஆரம்பித்தாள். எழுதியதைச் சத்தமாக வாசித்தாள்.

"மனு எண் இருபத்திரண்டு. திருமதி சென்னம்மாள் மேற்படி நிலத்தைப் பயிரிட்டு வருவதைச் சபை ஏற்கிறது. பரப்பு குறித்து இரண்டு அளவுகள் கூறப்பட்டன. ஒன்று, 0.92 ஏக்கர். வனவர் அளித்த பட்டியலில் உள்ளது. வனக்காவலர் மாது சென்ற மாதம் பதினான்காம் தேதி கருவியால் எடுத்தது. மனுதாரர் உடன் இல்லை. பயிர் உள்ள பகுதி மட்டும் சுற்றப்பட்டது. இரண்டு, 2.25 ஏக்கர். வன உரிமைக் குழு கூறியது. விதை அளவைக் கொண்டு கணித்தது. நடந்து அளக்கவில்லை. இரண்டு அளவுகளும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. மனுதாரர் முன்னிலையில் கூட்டாக அளந்த பிறகு பரப்பு முடிவு செய்யப்படும்."

சந்திரமோகன் முகம் சுருங்கியது. "நாங்க எடுத்தத சரிபாக்கலன்னு எழுதினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"நீங்க பட்டியல்ல இருக்குறதப் படிச்சீங்க சார். அதத்தான் எழுதியிருக்கேன். பொய்யின்னு எங்கயும் போடல பாருங்க."

அவர் நோட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். எங்கேயும் கை வைக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

சென்னம்மாள் போடவில்லை. பெருவிரல் மையில் ஊறிக்கொண்டிருக்க, கலைச்செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிங்களுக்குச் சரி. என் காட்டையும் அளக்கலன்னு ஊரு முன்னால படிக்கிறியே. நான் சொன்னா உனக்குப் பத்தாதா கலை?"

பத்தும் அக்கா, எனக்குப் பத்தும், நோட்டுக்குத்தான் பத்தாது என்று கலைச்செல்வி சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது. சென்னம்மாள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். சேலை கறையாகிப் போனது.

தீர்மானம் மறுநாளே அரூர் போனது. குள்ளன் பயந்ததும் நடந்தது. ஒரு மனுவில் அளவு முடியவில்லை, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அலுவலகத்தில் யோசித்துக்கொண்டே மொத்தக் கட்டையும் அந்த அமர்வில் எடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மூன்று மாதம். முப்பத்தேழு வீட்டுக்காரர்களும் கலைச்செல்வியைப் பார்க்கும்போது பார்த்த பார்வையை எழுத இந்தத் தாள் போதாது. முருகேஷ் சோற்றில் கையை வைத்தபடி, "ஊருல எல்லாத்துக்கும் எழுதற. நம்ம ஏழாம் நம்பருக்கு நீயே கல்லத் தூக்கிப் போட்டுட்ட" என்றான். அவள் குழம்பை ஊற்றினாள். அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

அதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். சென்னம்மாள் பேசாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. குழாயடியில் எதிரே வந்தால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். ஒரு நாள் கலைச்செல்வி பலாச்சுளை கொடுத்து மகளை அனுப்பினாள். அது அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எழுதியதை மாற்றியிருக்கலாமோ என்று ஒரு தடவை நினைத்தாள். இன்னொரு தடவை நினைத்தபோது மாற்ற முடியாது என்று தெரிந்தது. இரண்டுமே உண்மையான நினைப்புதான்.

நாலாம் மாதம் அரூரில் இருந்து கடிதம் வந்தது. முப்பத்தேழு மனுக்கள் பரிந்துரையோடு தர்மபுரிக்குப் போகின்றன, இருபத்திரண்டாம் எண் மட்டும் மறு அளவீட்டுக்குக் கிராம சபைக்குத் திரும்புகிறது, சுழற்சியாக விடுகிற தரிசையும் சேர்த்து அளக்க வேண்டும், மனுதாரர் உடன் இருக்க வேண்டும் என்று இருந்தது. ஊர் பெருமூச்சு விட்டது. முருகேஷ் ஒரு கிலோ கறி வாங்கி வந்தான். சென்னம்மாளுக்கு அந்தக் கடிதத்தைக் குள்ளன்தான் போய்ப் படித்துக் காட்டினார்.

அளக்க வந்தவர் சர்வேயர் பானுமதி. இண்டூர்ப் பக்கத்துப் பெண். கூடவே சந்திரமோகனும் மாதுவும் வருவாய்த்துறை எழுத்தர் ஒருவரும். கலைச்செல்வி நோட்டோடு தள்ளியே நின்றாள். சென்னம்மாள் கையில் கொடுவாளோடு முன்னால் நடந்தாள். உண்ணிச்செடியை வெட்டி வழி செய்துகொண்டே போனாள். புதருக்குள் அவள் மாமனார் போட்ட கல்வரிசை இருந்தது. அதன் ஓரமாக இரண்டு பலா மரங்கள். மாது அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். முள் கீறி சென்னம்மாள் முழங்கையில் ரத்தம் கசிந்தது. அவள் நிற்கவில்லை. நாலு மூலையையும் கால் வைத்துக் காட்டினாள்.

பானுமதி கருவியைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணு புள்ளி ஏழு எட்டு ஏக்கர்."

சென்னம்மாள் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தொண்ணூற்று இரண்டு இல்லை. இரண்டேகாலும் இல்லை.

எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டேகாலுன்னு கேட்டுருக்காங்க. அரை ஏக்கர் கூட்டிக் கேட்ட மனுவாச்சே சார். இதுல எதை நம்புறது? மேல கேள்வி வரும்."

கலைச்செல்வி வாயைத் திறப்பதற்குள் சந்திரமோகன் கையை நீட்டினார். "அந்த நோட்ட இப்படிக் கொடும்மா." வாங்கிப் பக்கத்தைத் தேடி எடுத்து, எழுத்தர் முன்னால் நீட்டி, அவரே வாசித்தார். "விதை அளவைக் கொண்டு கணித்தது. நடந்து அளக்கவில்லை. இன்னும் சரிபார்க்கப்படவில்லை. பாருங்க, அன்னிக்கே சொல்லிட்டாங்க. கூட்டிக் கேக்குறவங்க யாராச்சும் இப்படி எழுதுவாங்களா? எங்க அளவும் கோளாறுதான், அதையும் எழுதியிருக்காங்க. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

எழுத்தர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு பேனாவை எடுத்து 1.78 என்று எழுதிக்கொண்டார்.

சென்னம்மாள் கல்லில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரிகளை முதல் தடவை கேட்டபோது தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டதாகத்தான் அவள் காதில் விழுந்தது. இப்போது அதே வரிகளைக் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் அவளுக்காக வாசிக்கிறார்.

அடுத்த வாரம் கிராம சபை மறுபடியும் கூடியது. கலைச்செல்வி எழுதி முடித்து வாசித்தாள். பழைய இரண்டு அளவுகளையும் அடிக்கவில்லை. கீழே புதிதாக, "1.78 ஏக்கர். சர்வேயர் பானுமதி கருவியால் அளந்தது. சரிபார்க்கப்பட்டது" என்று இருந்தது. மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சென்னம்மாள் வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் குரல் பக்கத்தில் கேட்டது.

"சர்வேயரம்மா அளந்ததுன்னு மட்டுமா போட்டிருக்க?"

"ஆமாங்க்கா."

"கருவி தானாவா நடந்துச்சு? நான் முன்னால போனேன், அந்தம்மா பின்னால வந்தாங்க. அதையும் எழுது கலை."

கலைச்செல்விக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. 'மனுதாரர் சென்னம்மாள் முன்னால் நடந்து எல்லை காட்டினார்.' சத்தமாக வாசித்தாள். சென்னம்மாள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, விரலை மையில் நன்றாக அழுத்தி, அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.